கடிவாயும் காலண்டரும்

"ஊசி போட்டாச்சு சிஸ்டர்."

ஒரகடம், வல்லம், மாத்தூர், சுங்குவார்சத்திரம் தொழிற்பேட்டைகள் பக்கம் வேலைக்குப் போகும் செவிலியர் நாய்க்கடியோடு வருகிறவரிடம் இந்த வாக்கியத்தைக் கேட்டால், அங்கேயே நின்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: "எந்த ஊசி தம்பி?" பெரும்பாலும் அது டிடி ஊசியாக இருக்கும். ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் முதலுதவி அறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. கைவெட்டுக்கும் தீக்காயத்துக்கும் பழகிய அந்த அறைகளில் காயத்தைத் துடைத்து, கட்டுப் போட்டு, டிடி ஊசி போட்டு அனுப்புவது வழக்கம். டிடி தேவையான ஊசிதான். ஆனால் அது இரணஜன்னிக்கானது. வெறிநோயை அது தொடக்கூடச் செய்யாது. போட்டுக்கொண்டவர் மனத்திலோ நாய்க்கடிக்கு ஊசி போட்டாயிற்று என்று கணக்கு முடிந்துவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து அந்தக் கணக்கு திரும்ப வரும்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அறிகுறி தொடங்கிய வெறிநோய்க்கு இன்றுவரை நம்பத்தகுந்த சிகிச்சை இல்லை.

பாடத்துக்காக ஒரு ஆளை வைத்துக்கொள்வோம். இருபத்து நான்கு வயது, அறுபது கிலோ எடை, ஒப்பந்தத் தொழிலாளி. ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். ஒரகடத்தில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். 2026 ஜனவரி 11, ஞாயிறு இரவு, இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி நடக்கிறார். சாலையோரத் தட்டுக்கடையின் கோழிக் கழிவைச் சுற்றி நிற்கும் நாய்களில் ஒன்று வலது கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஓடுகிறது. யூனிபார்ம் பேண்ட் கிழியவில்லை. தூக்கிப் பார்த்தால் நான்கு பல் பதிந்த குழிகள், இரண்டில் இரத்தம். அந்த நாய் எது என்று மறுநாள் யாராலும் அடையாளம் சொல்ல முடியாது.

இனி அவர் காலுக்குள் என்ன நடக்கக்கூடும் என்று பார்ப்போம். சிகிச்சையின் ஒவ்வொரு படியும் அதிலிருந்துதான் வருகிறது.

நாய்க்கு வெறிநோய் இருந்தால் கிருமி அதன் எச்சிலில் இருக்கும். பல் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழத்தில் எச்சிலும் போய்ச் சேரும். அங்கே தசையில் கிருமி கொஞ்ச காலம் தங்குகிறது, சில சமயம் அங்கேயே பெருகுகிறது. பிறகு தசையும் நரம்பு நுனியும் சந்திக்கும் இடத்தில் நரம்புக்குள் நுழைகிறது. நுழைந்ததும் நரம்பின் உள்வழியாகத் தண்டுவடத்தை நோக்கி, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் ஏறுகிறது. இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புப் பொருளால் நரம்புக்குள் போய்விட்ட கிருமியைத் துரத்திப் பிடிக்க முடியாது. ஆகவே வேலை முழுவதும் நரம்பு வாசலுக்கு வெளியே, கடிவாயிலேயே முடிந்தாக வேண்டும்.

தடுப்பூசியின் குறை இங்கேதான் இருக்கிறது. அது உடலுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறது. உடல் அதைப் படித்து எதிர்ப்புப் பொருளைப் போதிய அளவு செய்ய ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். கிருமி அதுவரை வாசலில் காத்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த இடைவெளியைக் காக்க இரண்டே காவல் உண்டு. ஒன்று சோப்பும் தண்ணீரும். இன்னொன்று கடிவாய்க்குள் நேரடியாகச் செலுத்தும் சீரம், அதாவது வேறொரு உடலில் முன்பே தயாரான எதிர்ப்புப் பொருள்.

இந்த இடைவெளியின் விலை என்ன என்பதை 1954இல் ஈரானின் சஹ்னே என்ற ஊர் காட்டியது. வெறிபிடித்த ஓநாய் ஒன்று ஒரே இரவில் 29 பேரைக் கடித்துக் குதறியது. பலருக்குத் தலையிலும் முகத்திலும் காயம். தலைக்காயம் பட்டவர்களில் தடுப்பூசி மட்டும் பெற்ற ஐவரில் மூவர் இறந்தார்கள். தடுப்பூசியோடு சீரமும் பெற்ற 13 பேரில் இறந்தவர் ஒருவர்தான். ஆழமான கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது என்ற இன்றைய விதிக்கு அடித்தளம் போட்டவை இந்த எண்கள்.

நம் ஆள் அறைக்குப் போனதும் என்ன செய்வார்? அறை நண்பர் ஒருவர் மஞ்சள் என்பார், இன்னொருவர் மிளகாய்ப்பொடி என்பார், சுண்ணாம்பு என்றும் ஒருவர் சொல்வார். காயத்தை எரிய வைத்தால் விஷம் முறியும் என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் எரிச்சலூட்டும் பொருளைத் தேய்ப்பது திசுவைக் கிழித்து, கிருமிக்கு நரம்பை இன்னும் அருகில் கொண்டுவருகிறது. துணியால் இறுக்கிக் கட்டுவதும் அப்படியே பயனில்லாதது. கிருமி இரத்தத்தின் வழியே பரவுவதில்லை.

வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையை இந்த உறையிலும் செய்கிறது: உறை கரைந்துவிடும், கிருமி செத்துவிடும். குளியல் சோப்பு போதும், துணி சோப்பும் போதும். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். இந்தப் பதினைந்து நிமிடத்தை எண்ணாகச் சொன்னால் யாருக்கும் மனத்தில் பதிவதில்லை. நான் பயிற்சிச் செவிலியர்களிடம், "நாலு சினிமாப் பாட்டு முடியற வரைக்கும்னு சொல்லுங்க" என்பேன். செல்போனில் நான்கு பாட்டு ஓடி முடிய ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் விடுதிகளில் இவ்வளவு நேரம் குழாய் ஓட வேண்டுமென்றால் விடுதிக் காப்பாளர் தயங்குவார். அவருக்கும் காரணத்தைச் சொல்லி வைப்பது நம் வேலையில் சேர்த்திதான். கழுவிய பிறகு போவிடோன் அயோடின் கரைசல் விடலாம்.

அவர் திங்கட்கிழமை காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். கடித்து எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இனிக் கழுவி என்ன பயன் என்று நினைக்கக் கூடாது. வீட்டில் கழுவியதாகச் சொன்னாலும் நம் குழாயடியில் மறுபடி கழுவ வேண்டும். எத்தனை நாள் தாமதமாக வந்தாலும் இதுவே வழி.

குழாயடிக்கு அனுப்பும்போது இரண்டு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். இது அனுபவத்தில் கற்ற தந்திரம். நாய் பாயும்போது மனிதன் கையை நீட்டித்தான் தடுக்கிறான். பெரிய காயம் காலில் வலிப்பதால் விரலில் பட்ட சின்னப் பல் கீறல் அவன் நினைவிலேயே இருக்காது. சோப்பு பட்டு எரியும்போதுதான், "இங்கேயும் கொஞ்சம் இருக்கு சிஸ்டர்" என்பான். விரல் நுனியில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. கெண்டைக்காலின் நான்கு குழிகளைவிட அந்தச் சின்னக் கீறல் ஆபத்தானதாக இருக்கலாம். நம் ஆளுக்கும் வலது ஆள்காட்டி விரலில் அப்படி ஒன்று இருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது, கடி எந்த வகை என்று முடிவு செய்வது. காயமில்லாத தோலை நாய் நக்கியிருந்தால் முதல் வகை, கழுவினால் போதும். இரத்தம் வராத கீறலோ சிராய்ப்போ இரண்டாம் வகை. கழுவித் தடுப்பூசி போட வேண்டும். பல் தோலைத் துளைத்திருந்தாலும், இரத்தம் வந்திருந்தாலும், புண்ணிலோ வாய், கண் போன்ற ஈரச் சவ்விலோ எச்சில் பட்டிருந்தாலும் மூன்றாம் வகை. தடுப்பூசியோடு சீரமும் வேண்டும். பேண்ட் கிழியவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். துணி கிழியாமலே பல் தோலைத் துளைக்கும். துணியைச் சுருட்டி, நல்ல வெளிச்சத்தில், கழுவிய காயத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இவர் மூன்றாம் வகை.

நாயைப் பத்து நாள் கவனித்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். பத்து நாள் கணக்கு உண்மையானது. நாய்க்கும் பூனைக்கும் எச்சிலில் கிருமி வெளிப்படுவது நோய் தெரிவதற்குச் சில நாள் முன்புதான்; கடித்த நாள் எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அந்த நாய் பத்து நாளுக்குள் நோயுற்றுச் செத்துவிடும். ஆனால் கவனித்தபடியே சிகிச்சையும் நடக்க வேண்டும். சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக் கூடாது. தொழிற்பேட்டைச் சாலையில் கடித்த நாய் பத்து நாளுக்கு நம் கண்ணில் படப் போவதும் இல்லை. 2023 நவம்பரில் சென்னை ராயபுரத்தில் ஒரே தெருநாய் முப்பது பேர் அளவுக்குக் கடித்தது. கடிபட்டவர்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். நாயைப் பொதுமக்கள் அடித்துக் கொன்றுவிட்டார்கள். அதற்கு வெறிநோய் இருந்தது என்ற ஆய்வு முடிவு பிறகுதான் வந்தது. அந்த முடிவுக்காகக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது சீரம். பெரும்பாலான அரசு நிலையங்களில் கிடைப்பது குதிரையிலிருந்து எடுத்தது. அளவு கிலோவுக்கு 40 யூனிட். அறுபது கிலோவுக்கு 2,400 யூனிட். புட்டியில் மில்லிக்கு 300 யூனிட் என்றால் 8 மில்லி. மனிதச் சீரம் என்றால் கிலோவுக்கு 20 யூனிட் போதும், ஆனால் விலை அதிகம். எடையை நோயாளி வாயால் சொல்வதைக் கேட்டுக்கொள்ளாமல் தராசில் நிறுத்துங்கள்.

எட்டு மில்லியையும் எங்கே செலுத்துவது என்பதில்தான் தவறு நடக்கிறது. தொடையிலோ புட்டத்திலோ ஒரே குத்தாகப் போட்டுவிட்டால் வேலை சுலபம், நோயாளிக்கும் வலி குறைவு. ஆனால் கிருமி இருப்பது கெண்டைக்காலில். சீரம் உடல் முழுக்கக் கரைந்து கடிவாய்க்கு வந்து சேரும்போது அதன் வலு நீர்த்துப்போயிருக்கும். எனவே ஒவ்வொரு பல் குழியின் ஓரத்திலும் மெல்லிய ஊசியை நுழைத்து, பல் போன ஆழம் வரை, குழிக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். ஒரு குழி விட்டுப்போனாலும் அந்த ஒன்றில் காவல் இல்லை. காயங்கள் நிறைய இருந்து அளவு போதாவிட்டால் சலைன் கலந்து பெருக்கிக்கொள்ளலாம். கிலோ கணக்கைத் தாண்டிக் கூடுதல் சீரம் சேர்க்கக் கூடாது. சீரம் மிஞ்சினால் தொலைவில் ஒரு தசையில் போடுவது பழைய வழக்கம். அதனால் பயன் மிகக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் தன் பரிந்துரையை மாற்றியது. உங்கள் நிலையத்து மருத்துவ அலுவலரின் உத்தரவு எதுவோ அதன்படி செய்யுங்கள்.

விரலில் பார்த்துப் போட வேண்டும். அங்கே சதை இறுக்கமானது, இடம் கிடையாது. அளவுக்கு மீறி ஏற்றினால் அழுத்தத்தில் இரத்த ஓட்டமே நின்றுவிடும். மெதுவாகச் செலுத்தி, விரல் விறைத்து வெளுக்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

இது வலிக்கும். ஏற்கெனவே புண்ணான இடத்தில் நாலைந்து முறை குத்தும்போது, "ஒரு ஊசின்னுதானே சொன்னீங்க சிஸ்டர்" என்று காலை இழுத்துக்கொள்வார்கள். அவசரப்படாமல், "கிருமி இங்கதான் தம்பி இருக்கு, மருந்தும் இங்கதான் போகணும்" என்று சொல்லிவிட்டுச் செய்தால் பொறுத்துக்கொள்வார்கள். குதிரைச் சீரத்துக்கு அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம். தோலில் சோதித்துப் பார்ப்பது அதை முன்கூட்டிச் சரியாகச் சொல்வதில்லை. அட்ரினலினை எடுத்துக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். போட்ட பிறகு அரை மணி நேரமாவது உட்கார வைக்க வேண்டும். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று எழுந்தால் விடாதீர்கள்.

காயத்துக்குத் தையல் வேண்டாம். தையல் ஊசி கிருமியை ஆழத்துக்குக் கொண்டுபோகும். வாய் பிளந்து இரத்தம் நிற்காத காயமென்றால், முதலில் சீரத்தைச் செலுத்திச் சில மணி நேரம் விட்டு, மருத்துவர் தளர்வாக ஓரிரு தையல் போடுவார்.

பிறகு தடுப்பூசி. "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி" என்ற பயம் இன்றும் மக்களிடம் இருக்கிறது. அது பொய்ப் பயமும் அல்ல. டேவிட் செம்பிள் 1911இல் கசௌலியில் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட மருந்து பல தலைமுறைகளுக்கு வயிற்றில்தான் போடப்பட்டது. நம் பக்கத்துக்கு அதைச் செய்து கொடுத்தது 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம். இந்தியாவில் அந்த மருந்தின் தயாரிப்பு 2004 டிசம்பரோடு நின்றது. 2006இல் தோலுக்குள் போடும் முறைக்கு அனுமதி கிடைத்தது. இன்று அரசு நிலையங்களில் நடப்பது இதுவே: ஒவ்வொரு வருகையிலும் இரண்டு தோளிலும் ஒவ்வொரு குத்து, குத்துக்கு 0.1 மில்லி. மொத்தம் நான்கு வருகை.

0.1 மில்லியை இன்சுலின் சிரிஞ்சில் எடுப்போம். மில்லிக்கு 40 யூனிட் என்று குறித்த சிரிஞ்சில் அது 4 என்ற கோடு. 100 யூனிட் சிரிஞ்சில் 10 என்ற கோடு. இரண்டு வகைச் சிரிஞ்சும் ஒரே டப்பாவில் கிடக்கும் நிலையங்களில் இது மாறிப்போய், பாதிக்கும் குறைவான மருந்து உள்ளே போக வழியுண்டு. எடுக்கும் முன் சிரிஞ்சின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். தோலுக்குள் சரியாகப் போனதற்கு அடையாளம், ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி விழுந்த சின்னக் கொப்புளம். கொப்புளம் எழும்பாமல் மருந்து வழுக்கிக்கொண்டு போனால் அது தோலுக்குக் கீழே இறங்கிவிட்டது. பக்கத்தில் இன்னொரு 0.1 மில்லி போட வேண்டும். கரைத்த புட்டி குளிர்ச்சியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாலும் ஆறு முதல் எட்டு மணி நேரம்தான். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 என ஐந்து வருகை. அதையும் தோளில் போட வேண்டும், குழந்தைக்குத் தொடையின் பக்கவாட்டில். புட்டத்தில் கூடவே கூடாது. அங்குள்ள கொழுப்பில் மருந்து தேங்கிவிடும்.

தோலுக்குள் போடுவதற்கான நாள்கள் 0, 3, 7, 28. பூஜ்யம் என்பது முதல் ஊசி போட்ட நாள். கடித்த நாள் அல்ல. இவருக்கு ஞாயிறு கடி, திங்கள் ஊசி. ஆகவே ஜனவரி 12 பூஜ்யம். மூன்றாம் நாள் 15, வியாழன். ஏழாம் நாள் 19, திங்கள். இருபத்தெட்டாம் நாள் பிப்ரவரி 9, அதுவும் திங்கள். முதல் ஊசி என்ன கிழமையோ அதே கிழமைதான் மூன்றாவது ஊசிக்கும் நான்காவது ஊசிக்கும். தேதியை மறக்கிற தொழிலாளி கிழமையை மறப்பதில்லை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறவரிடம் அந்தத் திங்கட்கிழமைகளில் எந்த ஷிப்ட் என்று அப்போதே கேட்டு, காலையா மாலையா என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

ஜனவரி 15 பொங்கல். புறநோயாளிப் பிரிவு அன்றைக்கு மூடியிருக்கும், அவரும் ஊரில் இருப்பார். முதல் நாளே இதைக் கவனித்தால், "கள்ளக்குறிச்சி ஜி.எச்.ல அவசரப் பிரிவுல இந்தச் சீட்டைக் காட்டுங்க" என்று சொல்லி அனுப்பலாம். கவனிக்காவிட்டால் அவர் பொங்கல் முடிந்து பதினெட்டாம் தேதி வந்து நிற்பார். அப்படி வந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, அடுத்த ஊசிகளையும் அதே இடைவெளியில் தள்ளிப் போடலாம். வேறு ஊரில் வேறு கம்பெனி மருந்தே இருந்தாலும், தசையில் போடும் இடமாக இருந்தாலும், வழியில்லாதபோது மாற்றிக்கொள்ளலாம். பீகாருக்கோ ஒடிசாவுக்கோ திரும்புகிற தொழிலாளிக்கு இதைச் சொல்லாவிட்டால், தொடங்கிய இடத்திலேயே முடிக்க வேண்டும் என்று நினைத்துக் கடைசி ஊசியை விட்டுவிடுவார். மருந்துகளின் பெயரையும் நாள்களையும் ஆங்கில எண்ணில் எழுதிய சீட்டு எந்த மாநிலத்துச் செவிலியருக்கும் புரியும்.

முதல் நாளில் சீரம் இருப்பில் இல்லையென்றால் என்ன செய்வது? தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. அதை அன்றே போட்டுவிட்டு, சீரம் உள்ள மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொண்டு அனுப்ப வேண்டும். முதல் ஊசியிலிருந்து ஏழு நாள் வரை சீரம் போடலாம். அதற்குப் பிறகு உடலே எதிர்ப்புப் பொருளைச் செய்யத் தொடங்கிவிடும். வெளியிலிருந்து வரும் சீரம் அதற்குக் குறுக்கே நிற்கும். "நாளைக்குப் போங்க" என்று வாயால் சொல்லி அனுப்புவது போதாது. அவர் போய்ச் சேர்ந்தாரா என்று மறுநாள் போன் செய்து கேட்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் உயிர் போவதுண்டு. 2022இல் கேரளத்தில் முகத்தில், கண்ணருகே கடிபட்ட ஒரு சிறுமி மூன்று தவணை தடுப்பூசி போட்ட பிறகும் இறந்தாள். மருந்தின் தரத்தைச் சந்தேகித்து ஆராய்ந்தார்கள். தரத்தில் குறை இல்லை. முகத்திலிருந்து மூளைக்குத் தூரம் மிகக் குறைவு, நரம்புகளோ மிக நெருக்கம். அங்கே உடல் பாடம் படித்து முடிப்பதற்குள் கிருமி வாசலைத் தாண்டிவிடக்கூடும். முகம், தலை, கழுத்து, கை விரல் ஆகிய இடங்களில் கடியென்றால் வரிசையில் நிற்க வைக்காதீர்கள். குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருப்பதால் அங்கே கடிபடுகிறவர்களில் குழந்தைகள் அதிகம்.

மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஊசி போடும்போது காயத்தையும் பிரித்துப் பாருங்கள். சிவந்து சூடாக வீங்கியிருந்தாலோ சீழ் கட்டியிருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாயின் வாயில் சாதாரணக் கிருமிகளும் நிறைய. பல நாள் கழித்துக் கடிவாயில் மறுபடி குறுகுறுப்போ எரிச்சலோ என்று யாராவது சொன்னால், அதை ஆறிவரும் புண்ணின் அரிப்பு என்று ஒதுக்காமல் அன்றே மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9 திங்கள் அவர் வருகிறார், நான்காவது வருகை முடிகிறது. சீட்டைக் கையில் கொடுக்கும் முன் அவர் செல்போனிலேயே அதைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதே தட்டுக்கடை வழியாகத்தான் அவர் நாளைக்கும் நடப்பார். மறுபடி கடித்தால் கழுவுவது மாறாது, அதே நாலு பாட்டு நேரம். ஆனால் இந்தச் சீட்டு கையில் இருந்தால் சீரம் வேண்டியதில்லை. 0, 3 என்று இரண்டு நாள் ஊசி மட்டும் போதும்.